போட்டோக்கொப்பிக்கு ஒருத்தரும் சம்பளம் கூட்டமாட்டினம்

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்கு வேலை செய்கிறா. வார இறுதியில் ஏ.ஏ.ரி படிச்சவ. சனி, ஞாயிறு எண்டு ஒண்டும் இல்லாமல் ஓடி ஓடிப் படிச்சு, போன வருசம் இறுதிப் படியும் சித்தி. பெறுபேறு வந்த கிழமையே சான்றிதழைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு முதலாளியிட்டப் போனா. "நல்ல சந்தோசம் பிள்ளை, ஃபைலில போட்டு வைப்பம்" எண்டார் அவர். சொன்ன மாதிரியே ஃபைலில் போட்டார். சம்பளம் அதே 55,000 ரூபாவில் நிண்டுது.

கேட்ட உடனே எங்களுக்கெல்லாம் கோபம்தான் வந்தது. படிப்புக்கு மரியாதை இல்லாத ஊர் எண்டு அண்டைக்குப் பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்தம். ஆனால் ஆறு மாதம் கழிச்சு அதே அக்கா அதே முதலாளியிட்ட இரண்டாம் தரம் போன கதையைக் கேட்ட பிறகு எங்கட கருத்து மாறிப்போச்சு. முதல் தரம் அவ கொண்டுபோனது சோதினை பாஸ் பண்ணினதுக்கான ஆதாரம். முதலாளி பார்க்க வேண்டியிருந்தது கடையில் என்ன மாறியிருக்கு எண்டதுக்கான ஆதாரம். இரண்டும் வேறை வேறை.

அந்த ஆறு மாதத்தில் அவ செய்தது இதுதான். அந்தக் கடை மேசன்மாருக்கும் ஒப்பந்தகாரருக்கும் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் குடுக்கும். ஆர் எவ்வளவு தர வேணும் எண்டது பேரேட்டில் இருக்கும். எவ்வளவு நாளாத் தரேல்லை எண்டதை ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்கிறேல்லை. அக்கா படிச்ச படிப்பில் கடன்பட்டோரை நாள்வாரியாகப் பிரிக்கிற அட்டவணை ஒண்டு இருக்கு. முப்பது நாளுக்குள்ள ஒரு நிரல், முப்பதிலிருந்து அறுபது வரை இன்னொண்டு, அறுபது தாண்டினது கடைசி நிரல். அதை ஓகஸ்ட்டில் தொடங்கி ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலாளியின்ர மேசையில் வைச்சா. கடைசி நிரலில் இருக்கிற ஆக்களுக்குத் தானே கோல் எடுத்தா. அவைக்குப் புது லோட் போறதெண்டால் முதலாளியைக் கேட்டுத்தான் எண்டு ஒரு ஒழுங்கும் வந்தது.

ஓகஸ்ட்டில் அறுபது நாள் தாண்டின கடன் 42 இலட்சம். ஜனவரி முடிவில் 24 இலட்சம். 18 இலட்சம் குறைஞ்சிருந்தது.

பெப்ரவரியில் அவ திரும்பப் போனா. இந்த முறை கையில் மூண்டு தாள். பெப்ரவரியைத் தெரிவு செய்ததுக்கும் காரணம் இருக்கு. அந்தக் கடைக்கு நிதியாண்டு மார்ச் 31 உடன் முடியும், அடுத்த வருசச் சம்பளம் ஏப்ரலில்தான் தீர்மானிக்கப்படும். ஏப்ரல் முடிஞ்ச பிறகு போனால் "அடுத்த வருசம் பாப்பம்" எண்டு சொல்லுறது லேசு.

முதல் தாளில் இரண்டு நிரல்கள். ஒரு பக்கம் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்த வேலை: பில் பதியிறது, காசோலை வங்கியில் போடுறது, நாளாந்தக் காசுக் கணக்கு. மற்றப் பக்கம் இப்ப செய்யிற வேலை: வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, கடன்பட்டோர் அட்டவணை, மாத முடிவுக் கணக்கு, கணக்காய்வாளர் கேட்கிற விபரங்களைத் தயாரிக்கிறது. தன்னைப் பற்றி "திறமையா", "பொறுப்பா" எண்ட சொல் ஒண்டும் அதில் இல்லை. எந்த மாதத்தில் இருந்து எந்த வேலை எண்டது மட்டும்தான்.

இரண்டாம் தாள்தான் முக்கியம். அதில் 18 இலட்சம் எண்டு எழுத அவவுக்கு ஆசை. ஆனால் எழுதேல்லை. அந்த ஆறு மாதத்துக்குள்ள இரண்டு பெரிய ஒப்பந்தகாரருக்கு அரசாங்க வேலைக் காசு வந்திருந்தது. அவை கட்டின 6 இலட்சம் ஆர் கோல் எடுத்தாலும் எடுக்காட்டியும் வந்திருக்கும். அதை அவ தானே கழிச்சுப்போட்டா. மிச்சம் 12 இலட்சம். இதே காலத்தில் கடன் விற்பனை பெரிசாக் குறையேல்லை எண்டதையும் பக்கத்தில் காட்டினா. விற்பனை விழுந்தால் கடனும் தானாக் குறையும், அது ஒருத்தற்ற கெட்டித்தனமும் இல்லை.

இனி அந்த 12 இலட்சத்தின்ர பெறுமதி. கடை வங்கி மேலதிகப்பற்றில் ஓடுது, அந்த நேரம் வட்டி 12 வீதம். 12 இலட்சம் நேரத்துக்கு வந்ததால் வருசத்துக்கு 1,44,000 ரூபா வட்டி மிச்சம், மாதத்துக்கு 12,000. இதில் ஒரு பிழை விடக்கூடாது. 12 இலட்சத்தையும் இலாபம் எண்டு சொன்னால் முதலாளி சிரிப்பார், அது எப்பிடியும் அவற்ற காசு. அக்காவின்ர வேலையால் மிஞ்சினது வட்டி மட்டும்தான்.

இன்னொண்டு, இந்தத் தாளில் ஒரு வாடிக்கையாளற்ற பெயரும் இல்லை. மொத்தத் தொகை மட்டும். பேரேட்டைப் படம் எடுத்து வீட்டை கொண்டுபோறது ஆதாரம் இல்லை. அது எங்களை வேலையில் இருந்து நிப்பாட்டுறதுக்கான ஆதாரமாகத்தான் மாறும்.

மூண்டாம் தாளில் கேள்வி. அடிப்படைச் சம்பளத்தில் 10,000 கூட வேணும், பதவிப் பெயர் கணக்கு உதவியாளரில் இருந்து கணக்கு அலுவலர் எண்டு மாற வேணும். அதுக்குக் கீழே முதலாளிக்கு ஆகிற செலவையும் எழுதியிருந்தா. அடிப்படைச் சம்பளம் கூடினால் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்த்துக் கட்ட வேணும். ஆகவே 10,000 கூட்டினால் அவருக்கு 11,500 செலவு. இதை நாங்கள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

முதலாளி தாள்களை ஆறுதலாகப் பார்த்தார். அவர் முதல் கேட்டது, "அந்த ரெண்டு பேற்ற காசும் இதுக்குள்ள இருக்கோ?" எண்டுதான். "இல்லை ஐயா, அதைக் கழிச்சுத்தான் போட்டனான்" எண்டா அக்கா. எங்களைப் பொறுத்தவரை பேச்சு அந்த இடத்திலதான் திரும்பினது. தனக்குரியது இல்லாததைத் தானே கழிச்ச ஆள் மிச்சத்தைப் பற்றிச் சொன்னால் நம்பலாம்.

அதுக்குப் பிறகும் அவர் முழுசா ஓம் சொல்லேல்லை. "12,000 மிச்சப்படுத்தி 11,500 கேட்டா எனக்கென்ன பிள்ளை?" எண்டார். நியாயமான கேள்விதான். 8,000 தாறன், ஆனால் பயணப் படியாத் தாறன் எண்டார். அக்கா 8,000க்கு ஓம் எண்டா, ஆனால் அடிப்படையில் போடச் சொன்னா.

இந்த இடத்தில் எங்களில் கனபேர் வழுக்கி விழுவம். படியாக வந்தால் 8,000 முழுசாக் கைக்கு வரும். அடிப்படையில் வந்தால் எங்கட 8 வீதம், அதாவது 640 ரூபா, சேமலாப நிதிக்குப் போய் 7,360தான் கையில். ஆனால் முதலாளியின்ர 960உம் எங்கட 640உம் சேர்ந்து மாதம் 1,600 ரூபா எங்கட பெயரில் சேருது, நம்பிக்கை நிதிக்கு 240 வேறை. அதோடு 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில் ஐந்து வருசம் முடிச்ச ஆளுக்கு, வேலையை விட்டுப் போகேக்க வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் குடுக்க வேணும். அது கடைசிச் சம்பளத்தை வைச்சு எல்லா வருசத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும். ஆகவே அடிப்படையில் ஏறின 8,000, பத்து வருசச் சேவைக்கு 40,000 ரூபாவாகக் கூடும். பயணப் படிக்கு இதொண்டும் இல்லை.

கடைசியில் 8,000 அடிப்படையில், பதவிப் பெயரும் மாறினது. அண்டைக்குப் பின்னேரமே அக்கா முதலாளிக்கு ஒரு சின்ன வட்ஸ்அப் செய்தி போட்டா: இண்டைக்குக் கதைச்சது இவ்வளவு, ஏப்ரலில் இருந்து, கடிதம் மார்ச் முடியமுதல் தருவதாகச் சொன்னீங்கள், நன்றி ஐயா. வாயால சொன்னது ஏப்ரலில் மறந்து போறது புதுசில்லை. மறக்காமல் இருக்க இப்பிடி ஒரு வரி போதும்.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அரசாங்க வேலையில் சம்பளம் தரத்தாலும் சேவைக்காலத்தாலும் வினைத்திறன் தடைகாண் பரீட்சையாலும் நடக்கும், மேலதிகாரியோட பேரம் பேச இடமில்லை. நிறுவனமே படிப்புச் செலவைக் கட்டியிருந்தால், இத்தனை வருசம் நிற்பன் எண்டு நாங்கள் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை முதலில் எடுத்து வாசிக்க வேணும். சான்றிதழ் கையில் வந்து அதை வேலையில் இன்னும் பாவிக்கேல்லை எண்டால், சம்பளத்தைக் கேட்கமுதல் வேலையைக் கேட்கிறது நல்லம்: "இந்த அட்டவணையை நான் செய்து பார்க்கட்டோ? ஆறு மாதத்தில திரும்பக் கதைப்பம்." தொடங்கிற நாளில் இருக்கிற தொகையை அண்டைக்கே குறிச்சு வைக்க வேணும். அக்காவிடம் ஓகஸ்ட்டில் எழுதின அந்த 42 இலட்சம் இல்லாமல் இருந்திருந்தால் ஜனவரியின் 24 இலட்சத்துக்கு ஒரு அர்த்தமும் இருந்திராது.

"கேட்டா என்ன நினைப்பினம்" எண்டு வளர்க்கப்பட்ட ஆக்கள் நாங்கள். பெம்பிளைப் பிள்ளையளுக்கு அது இன்னும் கூட. அக்காவும் அப்பிடித்தான் வளர்ந்தவ. இரண்டாம் தரம் போகேக்கயும் கை நடுங்கினது எண்டுதான் சொன்னா. ஆனால் தாள் மேசையில் இருந்ததால் முதலாளி தன்ர முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார், அதால கதைக்க முடிஞ்சது எண்டா.

ஏ.ஏ.ரி சான்றிதழ் இப்பவும் அந்த ஃபைலுக்குள்ளதான் கிடக்கு. அதுக்கு மேல இப்ப புதுக் கடிதம் ஒண்டு இருக்கு, அடிப்படைச் சம்பளம் 63,000 எண்டு.