இரண்டாவது பம்பு வாங்குமுன் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

மூலக்கொத்தளத்தில் பம்பு செட் பழுது பார்க்கும் எங்கள் பட்டறைக்குப் பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து விவசாயிகள் வருவதுண்டு. சென்ற கோடையில் ஒருவர் இரண்டு பம்புகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். "ஐயா, ஒன்று இருந்தபோது வந்த தண்ணீர்தான் இரண்டு போட்டும் வருகிறது. புதுப் பம்பில் கோளாறு இருக்கிறது, பாருங்கள்" என்றார். கழற்றிப் பார்த்தோம். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. பூட்டிய விதத்தில்தான் குறை.

இரண்டு பம்பு வைத்தால் இரண்டு பங்கு தண்ணீர் வரும் என்ற நினைப்பு நம்மிடையே வேரூன்றிவிட்டது. விற்பவரும் குதிரைசக்தியைத்தான் கேட்கிறாரே தவிர, எத்தனை உயரம், எத்தனை தூரம், என்ன அளவுக் குழாய் என்று கேட்பதில்லை. இதை மாற்றியாக வேண்டும் என்பது என் கருத்து.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 5 குதிரைசக்தி மோனோபிளாக் பம்பு. டெலிவரி வால்வை மூடிவைத்தால் 30 மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் கொடுக்கும். வினாடிக்கு 5 லிட்டர் போகும்போது 27½ மீட்டர், 10 லிட்டர் போகும்போது 20 மீட்டர். தண்ணீர் கூடக்கூட உயரம் குறையும். கட்டம் போட்ட தாளில் கிடையாகத் தண்ணீரையும் செங்குத்தாக உயரத்தையும் குறித்து இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் வருவதே பம்பின் வளைகோடு. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுப் பெற வேண்டிய தாள் இது.

அதே தாளில் குழாய்க்கும் ஒரு கோடு உண்டு. கிணற்று நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் வரை அவருக்கு 16 மீட்டர். கோடு அந்த 16-இல் தொடங்கும். தண்ணீர் ஓட ஓடக் குழாயின் உராய்வு அதோடு சேர்ந்து கோடு மேலே ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு நான்கு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. இவ்விரு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பம்பு ஓடும்.

அவர் தண்ணீரை 3 அங்குலக் குழாயில் 300 மீட்டர் தள்ளி மேட்டு வயலுக்குக் கொண்டு போகிறார். ஒரே பம்பில் வந்தது வினாடிக்கு 7 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்போதே உராய்வு மட்டும் 9 மீட்டரைத் தின்றுகொண்டிருந்தது. இந்நிலையில் புதுப் பம்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து, இரண்டின் டெலிவரியையும் அதே குழாயில் சேர்த்துவிட்டார்.

இது பக்க இணைப்பு. இதற்குக் கூட்டு வளைகோடு போடும்போது, ஒரே உயரத்தில் இரு பம்புகளின் தண்ணீரைக் கூட்ட வேண்டும். 20 மீட்டரில் 10-ம் 10-ம் சேர்ந்து 20 லிட்டர். ஆனால் மூடிய நிலை உயரம் அதே 30 மீட்டர்தான்; அது கூடுவதில்லை. அவருடைய குழாய்க் கோடு செங்குத்தாக ஏறுவதால் இந்தக் கோட்டைச் சுமார் 8 லிட்டரிலேயே வெட்டிவிடுகிறது. ஆக, இரண்டாவது மோட்டார் தந்தது ஒரு லிட்டர். ஒவ்வொரு பம்பும் 4 லிட்டர் மட்டும் தள்ளி, கிட்டத்தட்ட மூடிய வால்வில் ஓடுவதுபோல் உள்ளுக்குள்ளேயே கடைந்துகொண்டிருந்தது. பம்பின் உடலைத் தொட்டாலே சூடு தெரிந்ததாம்.

அதே இரு பம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, முதல் பம்பின் டெலிவரியை அடுத்ததன் சக்ஷனில் கொடுத்துப் பூட்டினால் அது தொடர் இணைப்பு. இங்கே ஒரே தண்ணீர் அளவுக்கு இரு உயரங்களையும் கூட்ட வேண்டும். 10 லிட்டரில் 20-ம் 20-ம் சேர்ந்து 40 மீட்டர். இந்தக் கோட்டை அவருடைய குழாய்க் கோடு 10½ லிட்டரில் வெட்டுகிறது. ஒவ்வொரு பம்பும் தனக்கு இசைந்த 19 மீட்டரில் ஓடும். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கிப் பம்பில் "பத்து ஸ்டேஜ்" என்று சொல்கிறோமே, அதுவும் ஒரே உடலுக்குள் அடுக்கிய தொடர் இணைப்புதான். ஏற்றம் 30 மீட்டரைத் தாண்டும் இடத்தில் இத்தகைய பம்புகள் நூறு பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சொட்டு வராது. தொடரில் வைத்தால் வரும்.

அப்படியானால் பக்க இணைப்பே வேண்டாமா? அப்படியில்லை. அவருடைய வயல் கிணற்றடியிலேயே, 60 மீட்டர் குழாயில் இருந்திருந்தால் ஒரு பம்பில் 10, தொடரில் 13½, பக்க இணைப்பில் 14¾ லிட்டர் வந்திருக்கும். ஆளுக்கொரு தனிக்குழாய் கொடுத்தால் முழு 20 லிட்டரும் வரும். மழைக்காலத்தில் எங்கள் தெருக்களில் தேங்கும் நீரைக் கால்வாய்க்கு இறைப்பது இந்த வகை வேலைதான். ஏற்றம் சில மீட்டர். வேண்டியது தண்ணீர் அளவு. அங்கே பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய் விடுவதே முறை. இந்தப் பம்புகளின் இரு கூட்டுக் கோடுகளும் ஒன்றையொன்று சுமார் 13 லிட்டர், 26 மீட்டரில் வெட்டுகின்றன. உங்கள் குழாய்க் கோடு அந்தப் புள்ளிக்கு மேலே போனால் தொடர், கீழே போனால் பக்கம்.

தொடரில் பூட்டுவோர் கவனிக்க வேண்டியவை உண்டு. வால்வை மூடினால் இரண்டாவது பம்பின் மேல் 60 மீட்டர் அழுத்தம், அதாவது 6 கிலோ ஏறும். அதன் உடலும் கிளாண்டும் தாங்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். முதல் பம்பை ஓட்டி, நீர் பிடித்த பிறகே அடுத்ததை ஓட்ட வேண்டும். முதல் பம்பு நின்றுவிட்டால் இரண்டாவதையும் உடனே நிறுத்துவது நல்லது. நீர் வரத்துக் குறைந்து உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். பக்க இணைப்பிலோ ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனித் திரும்பா வால்வு அவசியம். இல்லாவிட்டால் ஓடும் பம்பு இறைத்த நீர் நிற்கும் பம்பின் வழியே கிணற்றுக்கே திரும்பும். சிறிய பம்பையும் பெரிய பம்பையும் பக்கம் பக்கமாகச் சேர்ப்பதும் தவறு. பெரியது தரும் அழுத்தத்தில் சிறியது வாயடைத்துப் போகும்.

அளப்பது கடினமல்ல. 200 லிட்டர் பீப்பாய் 20 வினாடியில் நிறைந்தால் 10 லிட்டர். டெலிவரியில் பிரஷர் கேஜ் ஒன்று பூட்டுங்கள். ஒரு கிலோ என்பது 10 மீட்டர். ஓடும்போது காட்டுவதற்கும், பம்பு நின்று குழாய் நிறைந்திருக்கும்போது காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் டெலிவரிக் குழாயின் உராய்வே.

ஊத்துக்கோட்டைக்காரருக்கு நான் சொன்னது வேறு. 3 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 4 அங்குலம் போட்டால் உராய்வு நாலில் ஒரு பங்காகும்; ஒரே பம்பில் 9½ லிட்டருக்கு மேல் வரும். தொடர் இணைப்பு தருவதைவிட ஒரு லிட்டர்கூடக் குறையாது. இரண்டாவது மோட்டாரும் வேண்டாம், கூடுதல் மின்பளுவுக்கு அனுமதி கேட்டு அலையவும் வேண்டாம். ஆனால் கிணற்றில் அந்த அளவு ஊற்று இருக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் அதிகமாக இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்ததை அங்குள்ளோர் அறிவர்.

மனிதர் சிறிது நேரம் யோசித்தார். புதுப் பம்பை என்ன செய்வது என்று கேட்டார். கிணற்றடியிலிருக்கும் தாழ்ந்த வயலுக்குத் தனிக்குழாயில் வைத்துக்கொள்ளும்படி சொல்லி, இரண்டையும் வண்டியில் ஏற்றிவிட்டோம்.