"சூப்பர் சார், உடனே ஜாயின் பண்றேன்" என்று எழுதுவது பணிவு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு வேலை தேடும் வீடுகளில் பொறுமையாகப் படியுங்கள்.

நம் மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. அவன் தட்டி வைத்திருந்த பதில் இது: "வாவ்! ரொம்ப ரொம்ப தேங்க்ஸ் மேடம்!! சூப்பர் ஹேப்பி. சீக்கிரமே ஜாயின் பண்ணிடறேன்." கூடவே மூன்று கைகூப்பும் பொம்மை. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான். "இதில் நீ எதற்குச் சம்மதித்திருக்கிறாய்?" என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அவன் சித்தப்பா, "கேள்வி கேட்டா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவான் வாத்தியாரே" என்றார்.

இந்தப் பயத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். உப்பளத்தில் முன்பணம் வாங்கும்போது மூட்டைக்கு எவ்வளவு, எப்போது கணக்கு என்று கேட்காமல் நம் ஆட்கள் அளத்தில் இறங்குவதில்லை. படித்த பிள்ளை மட்டும் கேட்கக்கூடாதாம்!

அவனுடைய லெட்டரை வரிவரியாகப் பார்த்தோம். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். வீட்டில் மாதம் 35,000 என்று கணக்குப் போட்டு, தங்கை கல்லூரிக் கட்டணத்தையும் அதில் எழுதிவிட்டார்கள். ஆனால் இணைப்புத் தாளில் 60,000 ரூபாய் 'வேரியபிள்' என்று இருந்தது. அது வேலைத்திறனைப் பார்த்துத் தருவது, வராமலும் போகலாம். மீதி 3,60,000, மாதம் 30,000. அதற்குள்ளேயே கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 1,800 அடங்கியிருக்கிறது. இவன் பங்கு 1,800 தனியாகப் பிடிப்பார்கள். கைக்கு வருவது ஏறக்குறைய 26,400.

அடுத்தது தேதி. லெட்டரில் ஜூன் 2 என்று இருந்தது. இப்போதைய வேலையில் இவனுக்கு 60 நாள் நோட்டீஸ். மே 6 அன்று ராஜினாமா கொடுத்தால் ஜூலை 5 வரை விட மாட்டார்கள். "சீக்கிரமே" என்று எழுதினால் கம்பெனி ஜூன் 2 என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆவது பிரிவு: சம்மதம் என்பது முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். "சம்மதம், ஆனால் தேதியை மாற்றுங்கள்" என்றால் அது சம்மதம் ஆகாது, நீங்கள் வைக்கும் புதுக் கோரிக்கை ஆகிவிடும். எனவே முதலில் கேளுங்கள், அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு சம்மதம் எழுதுங்கள். லெட்டரில் பதில் தரக் கடைசி நாள் போட்டிருப்பார்கள், அதற்குள் இரண்டும் நடக்க வேண்டும்.

அவன் ஹெச்.ஆர். அம்மாவுக்குப் போன் செய்தான். இரண்டே நிமிடம். "ஜூலை 7 வாங்க" என்றார். வேலை ஒன்றும் பறிபோகவில்லை, சித்தப்பா! பிறகு, ஆஃபர் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் அனுப்பினான். அதன் பொருள் இது:

"மதிப்பிற்குரிய அம்மையீர், மே 5 தேதியிட்ட தங்கள் கடிதத்துக்கு நன்றி. தர ஆய்வு உதவிப் பொறியாளர் பணியை, ஒரகடம் ஆலையில், ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் (அதில் 60,000 வேரியபிள்) என்ற ஊதியத்திலும், ஆறு மாதத் தகுதிகாண் காலத்துடனும் ஏற்றுக்கொள்கிறேன். இன்று தொலைபேசியில் தாங்கள் ஒப்புக்கொண்டபடி ஜூலை 7 காலை பணியில் சேர்கிறேன். இந்தத் தேதியை எழுத்தில் உறுதிசெய்து, அன்று கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களையும் தெரிவிக்க வேண்டுகிறேன். கையொப்பமிட்ட பிரதி இணைப்பில்."

மகிழ்ச்சி இதில் இல்லையா? "நன்றி" போதும். குதிப்பதை வீட்டில் குதிக்கலாம்.

இப்படி எழுதிவிட்டால் கம்பெனி வாக்கு மாறாது என்று நான் சொல்லவில்லை. 2022இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 2,000 பேர் சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டு வரை காத்துக் கிடந்தார்கள். 2024இல் புனேயிலுள்ள நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்று கம்பெனித் தலைவரே சொன்னார். அவர்கள் கையில் எழுத்து இருந்தது. போனில் கேட்ட "வாங்க தம்பி"யை வைத்துக்கொண்டு எந்த அமைச்சகத்துக்குப் போவது?

ஒன்றில் மட்டும் அவனை அதட்டினேன். ஜூலை 7 என்று எழுத்தில் பதில் வருவதற்கு முன்பே ராஜினாமாக் கடிதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு துடித்தான். மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதில் வந்தது, பன்னிரண்டுக்குக் கொடுத்தான்.

யாருக்காவது ஆஃபர் வந்து, பதில் எழுதத் தயங்கினால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். சம்பள இணைப்புத் தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.