மூன்று ஆசைகளும் 203 ரூபாய் டொலரும்

2021 டிசம்பர் மாதம். எங்களில் ஒருவரின் அண்ணா டோஹாவில் இருந்து கோல் எடுத்து ஒரு கணக்குச் சொன்னார். "500 டொலர் அனுப்பப் போறன். வங்கியால போட்டா ஒரு இலட்சத்து ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரும். இஞ்ச உண்டியல்காரப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், அவனிட்டக் குடுத்தா ஒரு இலட்சத்து இருபதாயிரம். எதில அனுப்ப, நீயே சொல்லு."

அம்மாவுக்கு மருந்து வாங்க வேணும். பால்மா கியூவில் நிக்கிற காலம். யாராவது வங்கியில் அனுப்பச் சொல்லுவார்களா?

அதே மாதங்களில்தான் டிவியில் வந்தவர்கள் உண்டியலில் காசு அனுப்புவது நாட்டுக்குச் செய்கிற துரோகம் என்ற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு இன்னும் செமிக்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. டொலர் கொஞ்சம் ஏறினாலே "முந்தி மாதிரி ஒரு விலையில பிடிச்சு வைக்கலாம்தானே" என்று கேட்கும் ஆட்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பிடித்து வைக்கலாம். அதற்குப் பதிலாக எதைக் கைவிடப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

பொருளியலில் இதற்குச் 'சாத்தியமற்ற மும்மை' என்று பெயர். 1960களில் ரொபர்ட் முண்டெல், மார்கஸ் பிளெமிங் ஆகிய இருவரின் வேலையில் இருந்து வந்த யோசனை. ஒரு நாட்டுக்கு மூன்று ஆசைகள் இருக்கலாம். காசு தடையில்லாமல் எல்லை தாண்டிப் போய்வர வேண்டும். நாணயத்தின் விலை நிலையாக நிற்க வேண்டும். வட்டியைத் தன் நாட்டின் தேவைக்கு ஏற்பத் தானே தீர்மானிக்க வேண்டும். இதில் எந்த இரண்டையும் எடுக்கலாம், மூன்றையும் எடுக்க முடியாது.

ஏன் முடியாது? விலை 200 என்று கட்டியாச்சு, எல்லோரும் அதை நம்புகிறார்கள், கதவும் திறந்திருக்கிறது என்று வைப்போம். வெளியே வட்டி 5 வீதம். உள்ளே நாங்கள் வட்டியை 2 வீதமாகக் குறைக்கிறோம். காசு வைத்திருப்பவர் என்ன செய்வார்? ரூபாயைக் கொண்டுவந்து டொலர் கேட்பார். 200 என்ற விலையைக் காக்க மத்திய வங்கி தன் கையிருப்பு டொலரை விற்க வேண்டும். கையிருப்புக்கு ஓர் அடி உண்டு. அடி தெரியும் நாளில் விலையை விட வேண்டும், அல்லது வட்டியை ஏற்ற வேண்டும், அல்லது கதவைப் பூட்ட வேண்டும்.

ஹொங்கொங் 1983 இல் இருந்து ஒரு டொலருக்கு 7.80 என்ற விலையைக் கட்டிவைத்திருக்கிறது. கதவும் திறந்தே கிடக்கிறது. அதனால் வட்டியை அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. 2022 இல் ஹொங்கொங்கின் பொருளாதாரம் சுருங்கிக்கொண்டிருந்தபோதும், அமெரிக்கா வட்டியை ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. இரண்டை எடுத்து மூன்றாவதன் விலையைக் கொடுத்த நாடு அது.

சரி, எங்கட கதைக்கு வருவோம். பொருளியல் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும். இலங்கையில் கதவு திறந்தா இருந்தது? கொவிட் வந்ததில் இருந்தே காசு வெளியே போவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. வாகன இறக்குமதி நின்றுபோயிருந்தது. ஏற்றுமதியாளர்கள் டொலரை ரூபாயாக மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆக, கதவைப் பூட்டிவிட்டு மற்ற இரண்டையும் வைத்திருக்கப் பார்த்தோம், மும்மை விதிப்படி அது சரிதானே?

கடதாசியில் சரி. ஆனால் கதவு பூட்டியிருக்கிறதா என்பதை வர்த்தமானியில் பார்த்து அறிய முடியாது. அண்ணாவின் போன் கோலில்தான் அறிய முடியும்.

உண்டியலில் டொலர் எல்லையைக் கடப்பதே இல்லை. அண்ணா டோஹாவில் கொடுத்த காசு டோஹாவிலேயே நிற்கும். இங்கே ஒருவர் ரூபாயை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அந்த ரூபாய் யாருடையது? வங்கியில் டொலர் கிடைக்காத ஓர் இறக்குமதிக்காரருடையதாக இருக்கலாம், காசை வெளியே கொண்டுபோக நினைக்கும் ஒரு பணக்காரருடையதாகவும் இருக்கலாம். டோஹாவில் நிற்கும் டொலர் அவர்களுக்குப் போய்விடும். எந்த அதிகாரியும் எந்தப் படிவத்திலும் இதைக் காணமாட்டார். ஆனால் நாட்டுக்குள் வரவேண்டிய 500 டொலர் வரவில்லை. மூலதனம் வெளியே போனதற்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசமே இல்லை.

மத்திய வங்கி டொலருக்கு மொத்தம் 10 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னது. அதைச் சேர்த்தால் அண்ணாவின் 500 டொலருக்கு 106,500. உண்டியல் அப்போதும் 13,500 ரூபாய் கூட. 2020 இல் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கிகள் வழியாக அனுப்பியது சுமார் 7.1 பில்லியன் டொலர். 2021 இல் அது 5.5 பில்லியன் ஆனது, 2022 இல் 3.8 பில்லியன். அத்தனை பேரும் உழைப்பதை நிறுத்தவில்லை. வழியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கதவின் ஓட்டை இதுவென்றால், உள்ளே இருந்து தள்ளியது வட்டி. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மத்திய வங்கி 100 மில்லியன் டொலரை 200 ரூபாய்க்கு விற்றால், 20 பில்லியன் ரூபாய் வங்கிகளிடம் இருந்து மத்திய வங்கிக்குள் போய் மறைந்துவிடும். வங்கிகளில் ரூபாய் தட்டுப்படும். தட்டுப்பட்டால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் கடன் எடுத்துச் சாமான் இறக்குவது குறையும், ரூபாயில் வைப்பு வைப்பதற்கும் ஆள் வரும், டொலர் கேட்பவர் குறைவார். அதாவது விலையைக் கட்டிவைக்கும் நாட்டில் வட்டி தானாக ஏறித்தான் அந்த விலையைக் காக்கும். அந்த ஏற்றம் வலிக்கும், ஆனால் பிரேக் அதுதான்.

எங்கள் மத்திய வங்கி அந்தப் பிரேக்கைக் கழற்றிவிட்டது. அரசாங்கத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். 2019 முடிவில் வரிகளை வெட்டியதால் வருமானமும் இல்லை. எனவே மத்திய வங்கியே புது ரூபாயால் திறைசேரி உண்டியல்களை வாங்கியது. (உண்டியல் என்ற ஒரே சொல்லை நாங்கள் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். துரோகப் பட்டம் கிடைத்தது ஓர் உண்டியலுக்கு மட்டும்தான்.) 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரசாங்கப் பிணையங்கள் சுமார் 75 பில்லியன் ரூபாய். 2021 முடிவில் சுமார் 1,400 பில்லியன். ஒரு கையால் டொலரை விற்று ரூபாயை உள்ளே எடுத்தார்கள். மறுகையால் அதைவிடக் கூடுதலான ரூபாயை வெளியே விட்டார்கள். அந்த ரூபாய் திரும்பவும் டொலரைத் தேடி வந்தது.

ஆனால் இலங்கையில் வட்டி அமெரிக்காவை விடக் கூடத்தானே இருந்தது என்று கேட்கலாம். உண்மை. 2021 ஓகஸ்டில் கொள்கை வட்டி 5க்கும் 6க்கும் போனது. அமெரிக்காவில் அப்போது கிட்டத்தட்டப் பூச்சியம். ஆனால் ஹொங்கொங்கின் 7.80 ஐ நம்புகிற மாதிரி எங்கள் 203 ஐ யாரும் நம்பவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் வட்டியில் இருந்து, நாணயம் எவ்வளவு விழும் என்று எதிர்பார்க்கிறார்களோ அதைக் கழிக்க வேண்டும். 10,000 டொலர் பெறுமதியான 20 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாயை அந்த டிசம்பரில் 6 வீதத்துக்கு வைப்பில் போட்டவரிடம், அடுத்த வருட முடிவில் இருந்தது ஏறத்தாழ இருபத்தொன்றரை இலட்சம். 10,000 டொலரை டொலராகவே வைத்திருந்தவரிடம் 36 இலட்சம். போதாததற்குப் பணவீக்கம் அந்த டிசம்பரிலேயே 12 வீதத்தைத் தாண்டியிருந்தது. கடன் எடுத்துச் சாமான் வாங்கிப் பதுக்கியவர் கெட்டிக்காரர் ஆனார், வைப்பில் போட்ட ஓய்வூதியக்காரர் ஏமாந்தார்.

கையிருப்பு 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்தது. 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியன். இதில் பெரும் பங்கு வெளிநாட்டுக் கடன் கட்டப் போனது, சுற்றுலா வருமானமும் இல்லாமல் போயிருந்தது. எல்லாம் 203 ஆல் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வற்றும் கிணற்றில் உள்ளே வரும் ஊற்றையும் அந்த 203 அடைத்தது. 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி விலையைத் தளர்த்தியது, 230க்கு மேல் போகாது என்ற எதிர்பார்ப்போடு. மே மாதத்தில் அது 360 இல் நின்றது. ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றினார்கள். ஒழித்து வைத்த வட்டி ஏற்றம் முழுவதும் ஒரே தவணையில் வந்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

கதவைப் பூட்டி வெற்றி கண்டவர்களும் இருக்கிறார்கள். மலேசியா 1998 செப்டெம்பரில் ரிங்கிட்டை 3.80 இல் கட்டி, காசு வெளியே போவதைத் தடுத்து, வட்டியையும் குறைத்தது. 2005 வரை அந்த விலை நின்றது. ஆனால் மலேசியா அந்தக் காலத்தில் வெளியே கொடுப்பதை விடக் கூடுதலாக உழைத்த நாடு. உள்ளே வரும் டொலர் பெரும்பாலும் கம்பனிகளின் ஏற்றுமதிக் கணக்குகளால் வந்தது, அதைக் கண்காணிக்கலாம். எங்களுக்கு வரும் டொலரில் பெரும் பகுதி கட்டாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருக்கும் இலட்சக்கணக்கான தனி ஆட்களின் பொக்கற்றில் இருக்கிறது. அவர்களுக்குப் பூட்டுப் போட எந்த நாணயச் சட்டத்தாலும் முடியாது.

ஆகவே இலங்கையின் கதவு, சட்டம் என்ன சொன்னாலும், பாதி திறந்ததுதான் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து. அப்படியானால் மிச்சம் இரண்டில் ஒன்றுதான். டொலரை ஒரு விலையில் பிடிக்கச் சொல்பவர், வட்டி எவ்வளவுக்கு ஏறினாலும் பரவாயில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டியைக் குறைக்கச் சொல்லும் வியாபாரிகள் சங்கம், டொலர் ஏறினால் முறைப்பாடு வைக்கக் கூடாது. தேர்தல் மேடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் தருவதாகச் சொல்பவரிடம், கையிருப்பில் எத்தனை மாதத்துக்கு டொலர் இருக்கிறது என்றும், வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது எண்ணை எந்த அறிக்கையிலும் போடமாட்டார்கள், ஆனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் அது தெரியும்.

2023 இல் வங்கி வழியாக வந்த காசு கிட்டத்தட்ட 6 பில்லியன் டொலருக்குத் திரும்பியது. அண்ணாவும் இப்போது வங்கியால்தான் அனுப்புகிறார். ஏன் என்று கேட்டோம். "ரெண்டும் ஒரே காசுதான். பிறகேன் அந்தப் பெடியனைத் தேடித் திரிவான்?"