ஊசித் தேதி எழுதிய நோட்டு

சிறிய கிளினிக் ஒன்றை மூட மருத்துவர் முடிவெடுக்கும்போது, மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் பெரும்பாலும் நோயாளியின் வீட்டிலேயே இருப்பதால் ஒப்படைக்க அதிகம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் எந்த மாத்திரை ஏன் நிறுத்தப்பட்டது, எந்த மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்தது, ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்பவை கிளினிக்கின் நோட்டில் மட்டுமே இருக்கும்.

ருமாட்டிக் இதய நோய் உள்ள பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய பிறகு உடலின் நோய் எதிர்ப்பாற்றலே இதய வால்வுகளைப் புண்ணாக்குவது இந்நோய். அத்தொற்று மீண்டும் வந்தால் வால்வு மேலும் கெடும் என்பதால், தசையில் தங்கி மெல்லக் கரையும் பென்சத்தின் பென்சிலின் 12 லட்சம் யூனிட் அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல ஆண்டுகளுக்குப் போடப்படுகிறது. கிளினிக் ஜூன் 30 அன்று மூடப்பட்டு, அவளுக்குக் கடைசி ஊசி ஜூன் 20 அன்று போடப்பட்டிருந்தால், அடுத்தது ஜூலை 11 அன்று போடப்பட வேண்டும். ஆகவே கடைசி ஊசியின் தேதி, அடுத்த தேதி, அளவு, பென்சிலினுக்கு ஒவ்வாமை தோன்றியதா என்ற விவரம், கடைசி எக்கோ பரிசோதனையில் கண்டது, எந்த வயதுவரை ஊசி தொடர வேண்டும் என்பன அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு, நோட்டின் நகலைவிட அவளுக்குப் பயன்படும். அதை ஏற்கப்போகும் மருத்துவர் யார் என்பதை ஜூலை 11க்கு முன்பே உறுதிசெய்வதும் மூடுபவரின் பொறுப்பே.

வாசலில் மூன்று மாதம் முன்பே ஒட்டப்படும் அறிவிப்பை மாதந்தோறும் வருபவர் படித்துவிடுவார்; தைராய்டு மாத்திரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருபவரோ பூட்டிய கதவைத்தான் காண்பார். எனவே நோட்டைப் புரட்டி, இடைவெளி விழுந்தால் கெடுதல் நேரக்கூடியவர்களையும் அரிதாக வருபவர்களையும் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். கிளினிக்கை விலைக்கு வாங்குபவரிடம் நோட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவது எளிதுதான், ஆயினும் அது முறையன்று. யாரிடம் தன் விவரம் போக வேண்டும் என்பதை நோயாளியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், நகல் அவர் கைக்குப் போய், மூலம் மருத்துவரிடம் இருக்க வேண்டும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் உள்நோயாளி ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கின்றன. புறநோயாளி ஏடுகளுக்கு அவை அத்தகைய காலவரம்பு எதையும் விதிக்கவில்லை, எனினும் அவற்றையும் குறைந்தது அதே அளவு காலம் வைத்திருப்பதே நேர்மையானது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்றும் அவ்விதிமுறைகள் கூறுவதால், கேட்பாரற்ற நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் மருத்துவரின் வீட்டு அலமாரியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும்; அறிவிப்பில் எழுதிய தொலைபேசி எண்ணும் அந்த ஆண்டுகள் முழுவதும் உயிரோடு இருக்க வேண்டும்.