சீ-க்கு மேலே ஏறக்கூடாதாம்

ஏ.எல். பரீட்சையை மூண்டு தரம் எழுதலாம். முதல் தரம் சறுக்கினவர் இரண்டாம், மூண்டாம் தரத்தில எடுத்த இசட் புள்ளியோட கம்பஸுக்கு வரலாம். “நீ ரிப்பீட், உனக்குப் பாதிப் புள்ளிதான்” எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை. அப்படி வந்தவர்கள்தான் பரமேஸ்வராச் சந்தியில நிக்கிற கூட்டத்தில கணிசமானவர்கள். ஆனால் அதே பிள்ளை வளாகத்துக்குள்ள ஒரு பாடத்தில ஈ எடுத்து, அடுத்த வருசம் திரும்ப எழுதி எண்பது புள்ளி எடுத்தாலும், பெறுபேற்றுத் தாளில் விழுவது சீ. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். இந்த உச்சவரம்பு அநியாயமானது என்கிறோம் நாங்கள். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நாலு வருசச் சிறப்புப் பட்டம், 120 கிரெடிட். எளிமைக்காக எல்லாமே மூன்று கிரெடிட் பாடங்கள் என்று வைத்தால் 40 பாடங்கள். ஒருவர் 39 பாடங்களில் எடுத்த தரப்புள்ளிகளின் கூட்டுத்தொகை 129.6. சராசரி 3.32. மிச்சமிருக்கும் ஒன்றில் ஈ, அதாவது பூச்சியம். இப்ப 129.6-ஐ 40-ஆல் வகுத்தால் ஜீபிஏ 3.24. செக்கண்ட் அப்பருக்கு 3.30 வேணும்.

அவர் திரும்ப எழுதி ஏ எடுக்கிறார். அந்த ஏ-யை அப்படியே பழைய ஈ-யின் இடத்தில் போட்டால் 133.6-ஐ 40-ஆல் வகுக்க 3.34. செக்கண்ட் அப்பர் கிடைக்குது. உச்சவரம்பு இருந்தால் நாலுக்குப் பதில் இரண்டுதான் சேரும், 131.6-ஐ 40-ஆல் வகுக்க 3.29. செக்கண்ட் லோவர். வெளிநாட்டில் சில இடங்களில் இருப்பதுபோல இரண்டு தரத்தையும் கணக்கில் எடுத்து 41-ஆல் வகுத்தால் 3.26, இன்னும் மோசம். ஆக, இந்தப் பிள்ளையின் வகுப்பைத் தீர்மானித்தது அவருக்குப் பாடம் தெரியுமா என்பதில்லை, எந்த முறையில் கணக்குப் பார்த்தார்கள் என்பதுதான்.

“முதல் தடவையே கஷ்டப்பட்டுச் சித்தியடைந்தவருக்கு அநியாயமில்லையா? மற்றவருக்கு மேலதிகமா ஒரு வருசம் கிடைச்சதே” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதுக்கு விடை பெறுபேற்றுத் தாளிலேயே இருக்கு: அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் ‘மீளத் தோற்றியது’ என்று குறிப்பிடலாம். பார்க்கிறவர் பார்த்து எடைபோடட்டும். எடுத்த ஏ-யை சீ எண்டு எழுதுறது எடைபோடுறதில்லை, பொய் சொல்லுறது.

இந்த விதி ஆரைத் தண்டிக்குது எண்டும் பாருங்கோ. பரீட்சைக்கு முன்னம் காய்ச்சல் வந்து, மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தோற்றலாகவே கணக்கிடப்படும், உச்சவரம்பு இல்லை. அதே காய்ச்சலோட மண்டபத்துக்குப் போய் எழுதிச் சறுக்கினவர் ரிப்பீட். ஆயத்தமில்லாத பிள்ளைக்கு இந்த விதி சொல்லிக்குடுக்கிற பாடம் என்ன? எழுதாதே, மெடிக்கல் தேடு.

சீ மைனஸ் எடுத்தவரின் நிலை இன்னும் வேடிக்கை. 1.7-இலிருந்து 2.0-க்கு ஏறினால் முழு ஜீபிஏ-யில் கூடுவது 0.0075. அதுக்காக ஆர் திரும்பப் புத்தகத்தை விரிப்பார்?

மீள்பரிசீலனை வேறை விசயம். அதில் தரம் மாறினால் அது முதல் தோற்றலின் திருத்தம். சீ என்ற வரம்பு அங்கே இல்லை. ஈ, பீ ஆனால் பீ-யாகவே நிக்கும். அதனால் எல்லைப் புள்ளியில் விழுந்தவர், ரிப்பீட்டுக்குப் பதிவதற்கு முன்னம், திகதி முடியுறதுக்குள்ள அதைத்தான் முதலில் கேட்க வேணும். ஆனால் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. வழமையாக நடப்பது கூட்டல் சரியா, திருத்தாத விடை ஏதும் விடுபட்டதா என்று பார்ப்பதுதான். விடைக்குக் குடுத்த புள்ளி நியாயமா எண்டு இன்னொருவர் வாசிப்பது அரிது. பல இடங்களில் எழுதின பிள்ளைக்கு விடைத்தாளைக் காட்டுவதுமில்லை. தாளைப் பாராமல் எதைக் காட்டி முறையிடுறது?

நாங்கள் கேட்பது மூன்று. ரிப்பீட்டில் எடுத்த தரம் குறிப்போட அப்படியே பதியப்படட்டும். அது உடனே முடியாதெண்டால் வரம்பையாவது பீ-க்கு உயர்த்துங்கோ. மேலே சொன்ன பிள்ளை 3.315 எடுத்துத் தப்புவார். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தவருக்கு விடைத்தாளைக் காட்டுங்கோ.

இதை மாற்ற வேண்டியது பீடச் சபையும் மூதவையும். மாணவர் பிரதிநிதிகள் பீடச் சபையில் இருக்கினம். அடுத்த கூட்டத்துக்குப் போகேக்க இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகட்டும்.