சிறையில் தொழிலாளி, வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் மாதம் 18,000 ரூபாய் பெறும் நிரந்தரத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊருக்கும் சேரிக்கும் இடையே நிகழ்ந்த மோதலில் சேரித்தரப்பு புகார் கொடுக்கிறது. மறுநாளே எதிர்வழக்கு பதிவாகிறது. அதில் அவர் பெயரும் சேர்க்கப்படுகிறது. கைதாகி, 15 நாள் நீதிமன்றக் காவலில் புழல் சிறைக்குச் செல்கிறார். அந்த நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் உண்டா?

அவர் அரசு ஊழியராக இருந்தால் விடை எளிது. தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருப்பவர் இடைநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். இடைநீக்கம் என்றால் பிழைப்பூதியம் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய விதி இல்லை. அவரை இடைநீக்கம் செய்வதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

நிர்வாகம் இடைநீக்க ஆணை பிறப்பித்தால், 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியம் வழங்கல் சட்டம் செயற்படத் தொடங்கும். முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாட்களுக்கு முக்கால் பங்கு, 180 நாட்களைக் கடந்தால் முழுச் சம்பளம். நமது தொழிலாளிக்கு இது மாதம் 9,000, பின்னர் 13,500, அதன்பின் 18,000 ரூபாய் ஆகும். இந்த உரிமை இடைநீக்க ஆணையிலிருந்தே பிறக்கிறது. ஆணை பெற்றவர் வீட்டில் இருக்கிறாரா, சிறையில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அது மாறாது என்பதே எமது வாசிப்பு. பிழைப்பூதியம் தராமல் நடத்தப்பட்ட விசாரணை செல்லாது என்று பாரத் தங்கச் சுரங்க ஊழியர் பால் அந்தோணி வழக்கில் உச்சநீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது.

ஆகவே நிர்வாகத்துக்குச் செலவில்லாத வழி, ஆணையே பிறப்பிக்காமல் இருப்பதுதான். ஆணை இல்லையேல் அவர் வெறுமனே ‘வராதவர்’. வேலை இல்லை, ஊதியம் இல்லை. அதோடும் முடிவதில்லை. அனுமதியின்றிப் பத்து நாட்களுக்கு மேல் வராதிருப்பது மாதிரி நிலையாணைகளின்படி ஒழுங்கீனம். நீதித்துறை நடுவர் ஒரே தடவையில் இடும் காவலோ 15 நாள் வரை நீளலாம். பிணை மனு விசாரணைக்கு வருமுன்பே தொழிலாளி குற்றச்சாட்டுக்கு உள்ளாகிவிடுகிறார். கைதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கக் காவல்துறையைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கட்டாயப்படுத்துகிறது. முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இங்கே இரண்டு தீர்ப்புகள் துணை நிற்கின்றன. எட்டு நாட்களுக்கு மேல் வராதவரின் வேலை தானாகவே போய்விடும் என்ற நிலையாணையை வைத்து, விசாரணையின்றி நீக்கியது செல்லாது என 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வர இயலாமற்போனதை வேண்டுமென்றே வராததாகக் கொள்ளக்கூடாது என 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் கூறியது. சிறைக்கதவைவிடக் கட்டுப்பாட்டை மீறிய காரணம் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் இவை வேலையைக் காக்குமே தவிர, சிறை நாட்களின் சம்பளத்தைப் பெற்றுத் தருவது அரிது. நிர்வாகம் தொடுக்காத வழக்கில் சிறைசென்றவர் பின்னர் விடுதலையானாலும், பணியாற்ற இயலாத காலத்துக்குப் பின்சம்பளம் கோர முடியாது என்று 2003இல் ஜெய்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பொய்யான எதிர்வழக்கில் சிக்கியவருக்கும் இதே அளவுகோல் பொருந்துவது எமக்கு ஏற்புடையதன்று. எனினும் இன்றைய நிலை அதுதான்.

எனவே முதல் வாரத்திலேயே, வழக்கு எண்ணையும் காவல் ஆணையின் நகலையும் இணைத்து, சேர்ப்புச் சான்றுடன் கூடிய விரைவு அஞ்சலில் குடும்பத்தார் நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். இருக்கும் விடுப்பைக் கணக்கில் எடுக்கவும், இன்றேல் இடைநீக்கம் செய்து பிழைப்பூதியம் வழங்கவும் அதில் கோரலாம். பிணையில் வந்த மறுநாளே ஆலை வாயிலில் எழுத்துமூலம் பணிக்கு வந்ததாகத் தெரிவிக்க வேண்டும். அன்றுமுதல் உள்ளே விட மறுத்தால், வராததற்குச் சிறையைக் காரணம் காட்ட நிர்வாகத்துக்கு வழியில்லை. அந்நாட்களின் சம்பளக் கோரிக்கை தனியே நிற்கும்.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு இவ்வளவும் எட்டாக்கனி. 2025 செப்டம்பரில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், உடன் பணியாற்றியவரின் சாவுக்கு இழப்பீடு கேட்டுத் திரண்ட வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் ஏற்பட்டுப் பலர் கைதாயினர். இத்தகையோரை இடைநீக்கம் செய்ய ஒப்பந்ததாரருக்கு எந்தத் தேவையும் இல்லை. அடுத்த மாதப் பட்டியலில் பெயரை எழுதாமல் விட்டாலே போதும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் பாதி, முக்கால் என்ற விகிதங்களைக் கூறுகிறதேயன்றி, கைதையே இடைநீக்கமாகக் கருதும் விதியைக் கொண்டுவரவில்லை. அந்தத் தொகுப்பு நீக்கிய சட்டங்களின் வரிசையில் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. தன் ஊழியருக்கு அரசு எழுதிவைத்துள்ள அந்த 48 மணி நேர விதியை இச்சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்கவும், ஒப்பந்ததாரர் தராதபோது முதன்மை முதலாளியே பிழைப்பூதியம் தர வேண்டும் என்று அதில் எழுதவும் சட்டமன்றத்தை நாம் கோருகிறோம்.