பீட்டர் விடுறாங்களா, பயப்படுறாங்களா?

காட்டூரில் காலை எட்டரை மணிக்கு பஸ் ஏறியவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். துவாக்குடியில் கிளம்பி திருவெறும்பூர் தாண்டி சத்திரம் போகும் பஸ், ஏற்கனவே பிதுங்கிக்கொண்டுதான் வந்து நிற்கும். தஞ்சாவூர் ரோட்டில் நிற்கும் கூட்டத்தில் பாதி கல்லூரிக் கூட்டம். ஜூலை மாதம் என்றால் அதில் புது முகங்கள் நிறைய. ஒரே கல்லூரி ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க, பக்கத்து பக்கத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அரியமங்கலம் வரும்போது ஒருவர் ஆரம்பிக்கிறார்.

"ஹாய்... நீங்க ஃபர்ஸ்ட் இயரா? பி.காமா?"

எண்ணிப் பார்த்தால் 'நீங்க' என்ற ஒரு சொல்தான் முழுத் தமிழ். தமிழ் செத்துவிட்டது என்று யாராவது பின் சீட்டில் பெருமூச்சு விடலாம். ஆனால் அந்த வாக்கியத்தை ஓட்டுவது யார்? 'நீங்க' தமிழ். கேள்வியாக்கும் 'ஆ' தமிழ். சொற்களின் வரிசை தமிழ். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் டிக்கெட் எடுத்த பயணிகள், ஸ்டியரிங் தமிழிடம்தான் இருக்கிறது. இப்படிப் பேசுபவர் நிம்மதியாக இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் பேசுவது போலவே பேசுகிறார்.

இப்போது இன்னொரு ஆரம்பம்.

"ஹாய், ஐயாம் ஃப்ரம் திருவெறும்பூர். விச் டிபார்ட்மென்ட் ஆர் யூ?"

இங்கே ஸ்டியரிங் ஆங்கிலத்திடம். நம் ஊரில் இதற்கு உடனே ஒரு முத்திரை தயார்: பீட்டர்! ஆனால் முதல் வாக்கியம் பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரியே மனசுக்குள் ஒத்திகை பார்த்ததாக இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒத்திகை பார்க்காத இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த வார்த்தை வராமல் தடுமாறும்போது வாயில் வருவது 'வந்து...' என்றா, 'லைக்...' என்றா? டிரைவர் சடன் பிரேக் போட்டால் 'ஐயோ' வருகிறதா, 'ஓ காட்' வருகிறதா? மூன்றாவது வாக்கியம் தமிழுக்கு இறங்கியதும் பேச்சு நீளமாகவும் வேகமாகவும் ஓடுகிறதா? ஓடினால் அவருடைய வீடு தமிழ். முதல் வாக்கியம் புதுக் கல்லூரிக்காகப் போட்டுக்கொண்ட இஸ்திரி சட்டை, அவ்வளவுதான்.

ஆங்கிலம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழில் 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்யாமல் ஒரு முழுக் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சொல்லை விட்டுவிட்டாலும் 'எங்க போற', 'எங்க போறீங்க' என்று வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே வயதுப் பையனும் பெண்ணும் முதல் நாள் பேசும்போது 'நீ' என்றால் அதிகப்பிரசங்கித்தனம், 'நீங்க' என்றால் பேங்க் மேனேஜரிடம் பேசுவது போல இருக்கிறது. ஆங்கிலத்தின் 'யூ' இந்தத் தர்மசங்கடத்துக்கு நல்ல மறைவிடம். வினைச்சொல்லே இல்லாத 'பி.காமா?', 'விச் டிபார்ட்மென்ட்?' எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. பந்தா என்று நாம் நினைப்பது பல நேரம் மரியாதை தெரியாமல் நடந்துவிடக் கூடாதே என்ற பயம்.

சரி, பதில் எப்படிச் சொல்வது?

முதல் ஆளின் 'பி.காமா?' கேள்விக்கு மூன்று பதில்களை வைத்துப் பார்க்கலாம். 'யெஸ், ஐ ஆம் டூயிங் மை ஃபர்ஸ்ட் இயர் பி.காம்' என்றால் கேட்டவர் அடுத்த கேள்விக்குள் கதவை மூடிக்கொள்வார். 'ஆமாம், முதலாமாண்டு வணிகவியல்' என்றால் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைப்பார், ஏனென்றால் அவர் சொன்ன சொல்லைத் திருத்தியது போல ஆகிவிட்டது. 'ஆமாங்க, பி.காம்தான். நீங்களும் ஃபர்ஸ்ட் இயரா?' என்பதுதான் பொருந்துகிற பதில். ஸ்டியரிங் யாரிடமோ அவரிடமே விட்டு, அவர் ஏற்றிய பயணிகளையும் இறக்கிவிடாத பதில். முதலில் 'நீங்க' போட்டதும் சரி. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவது ஒரு வாரத்தில் தானாக நடக்கும். 'நீ'யில் ஆரம்பித்துவிட்டு மேலே ஏறுவதுதான் கஷ்டம்.

இரண்டாவது ஆளுக்கு என்ன பதில்? இங்கேதான் நல்ல மனசுக்காரர்களே தவறு செய்கிறார்கள். பாவம் கஷ்டப்படுகிறாரே என்று உடனே முழுத் தமிழில் பதில் சொல்கிறார்கள். கேட்டவர் காதில் அது 'உன் இங்கிலீஷ் சகிக்கல' என்று விழுகிறது. அதற்குப் பதில், 'யெஸ், காமர்ஸ்தான். நீங்க எந்த ஸ்டாப்ல ஏறுறீங்க?' என்று சொல்லிப் பார்க்கலாம். அவர் கேட்டதற்கு அவர் வழியில் பாதிப் பதில், பிறகு தமிழுக்கு ஒரு கதவு. அவர் தமிழில் வந்தால் தமிழ். மறுபடியும் ஆங்கிலத்திலேயே வந்தால் பழகிப் பார்க்க ஆசைப்படுகிறார், விட்டுவிட வேண்டியதுதான்.

தமிழே தெரியாதவராகவும் இருக்கலாம். பி.எச்.இ.எல்., என்.ஐ.டி. இரண்டும் இருக்கும் ரூட்டில் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசும் வீடுகள் இல்லாமலா இருக்கும்? அவருக்கு அந்தப் பாதித் தமிழ்க் கேள்வி புரியாமல் முகம் காட்டும். அப்போது முழு ஆங்கிலம்தான் மரியாதை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரக் கடைகளில் இதே வித்தை நடக்கிறது. உள்ளே நுழைபவரை 'போன்ஜூர்-ஹாய்' என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்த்து வரவேற்பார்கள். வந்தவர் 'போன்ஜூர்' என்றால் பேச்சு பிரெஞ்சில், 'ஹாய்' என்றால் ஆங்கிலத்தில். தேர்வு வாடிக்கையாளருடையது. பிரெஞ்சு தேய்ந்துவிடும் என்ற கவலையில், 'போன்ஜூர்' மட்டும் சொல்லுங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டு 2017 நவம்பரில் கியூபெக் மாகாண சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. இரண்டு சொல் வணக்கத்துக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்!

அந்தக் கவலை நியாயமில்லாதது அல்ல. தமிழுக்கும் அது உண்டு. ஆனால் அதைத் தீர்க்கும் இடம் பஸ்ஸில் ஒருவர் சொல்லும் முதல் ஹலோ அல்ல. எதிராளிக்கு நெருங்கி வருமாறு பேச்சை மாற்றிக்கொள்வதும், விலகி நிற்க மாற்றிக்கொள்வதும் மனித இயல்பு என்று 1970களில் ஹோவர்ட் ஜைல்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். அதே ஆய்வு வழி இன்னொன்றையும் காட்டியது: அளவுக்கு மீறி நெருங்கினால் அது இளக்காரமாகப் படும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறும் ஒருவரிடம் அதேபோல் தடுமாறிக் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? பின்பற்ற வேண்டியது அவர் தேர்ந்தெடுத்த மொழியை, அவர் பிழையை அல்ல.

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, அக்கவுண்டன்சி முழுக்க ஆங்கிலத்தில் படிக்க வந்திருக்கும் ஒரு பெண், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு நாள் தைரியம் சேர்த்திருக்கலாம். அதற்கு 'பீட்டரு!' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் வகுப்பில் சந்தேகம் கேட்க அவர் கை உயராது. 'யெஸ், காமர்ஸ்தான். நீங்க எந்த ஸ்டாப்?' என்று வந்தால் பால்பண்ணை வருவதற்குள் அவருடைய ஊர், வீடு, தம்பியின் சேட்டை வரை எல்லாம் தமிழில் வந்துவிடும்.

நாளைக்கு அவரே பக்கத்தில் சீட் பிடித்து வைத்துவிட்டு, "ஏய், இங்க வா" என்பார். பாருங்கள், ஆங்கிலமும் காணோம், 'நீங்க'வும் காணோம்.